அடுக்கு பிரியாத பரோட்டா: தவறு எங்கே நடக்கிறது?

வீட்டில் சுட்ட பரோட்டா சரியாக வரவில்லையென்றால் அதைத் தூக்கிப் போடுவதற்கு முன் நடுவில் பிய்த்துப் பாருங்கள். வெளிவட்டத்தில் இரண்டு மூன்று இழை பிரிந்து, நடுப்பகுதி ஒரே கட்டியாக வெள்ளையாக இருந்தால் தவறு விரிப்பதிலோ சுருட்டுவதிலோ நடந்திருக்கிறது. முழுவதும் சப்பாத்தி போல ஒரே தகடாக இருந்தால் அடுக்குகளுக்கு நடுவே எண்ணெய் போய்ச் சேரவில்லை, அல்லது கடைசியில் அளவுக்கு மீறி அழுத்திவிட்டீர்கள். அடுக்கு இருந்தும் ரப்பர் மாதிரி இழுத்தால் மாவு போதுமான நேரம் ஊறவில்லை. பெரும்பாலான வீடுகளில் நடப்பது இந்த மூன்றாவது தவறுதான், மற்ற இரண்டுக்கும் அதுவே பல நேரம் வேராக இருக்கிறது.

500 கிராம் மைதாவை வைத்துப் பார்ப்போம். உப்பு ஒன்றரை டீஸ்பூன், சர்க்கரை இரண்டு டீஸ்பூன், எண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன், தண்ணீர் 280 முதல் 300 மில்லி வரை. இதில் ஏறக்குறைய 80 கிராம் எடையில் பத்து உருண்டை வரும். முட்டை, பால் சேர்ப்பவர்கள் உண்டு. அவை மாவை மிருதுவாக்கும், நிறம் கொடுக்கும். அடுக்கு பிரிவதற்கு அவை தேவையில்லை. சோடா உப்பும் தேவையில்லை. பரோட்டாவில் அடுக்கைப் பிரிப்பது எண்ணெயும் மாவுக்குள் இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாவதும்தான்.

முதல் தவறு மாவைச் சப்பாத்தி மாவு பதத்தில் நிறுத்திவிடுவது. கையில் ஒட்டுகிறதே என்று பயந்து மைதாவை மேலே மேலே தூவுகிறோம். கெட்டியான மாவு எவ்வளவு நேரம் ஊறினாலும் மெல்லிய தாளாக விரியாது. பிசையத் தொடங்கும்போது கையில் நன்றாக ஒட்டத்தான் செய்யும். பத்து முதல் பதினைந்து நிமிடம் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளி, மடித்து, மறுபடி தள்ளிப் பிசைந்தால் அந்த ஒட்டல் தானாகவே விட்டுப்போகும். கை கடுத்தால் மூடி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வந்து மீதியைப் பிசையலாம், பாதி வேலை அதற்குள் முடிந்திருக்கும். ஒரு சிறு துண்டைக் கிள்ளி நான்கு விரல்களால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கிழியாமல் வெளிச்சம் தெரியும் அளவுக்கு விரிந்தால் பிசைந்தது போதும்.

இந்தப் பிசைதலில் மைதாவின் புரதம் தண்ணீரோடு சேர்ந்து குளூட்டன் என்ற வலையாகிறது. மாவு கிழியாமல் மெலிதாவது அந்த வலையால்தான். ஆனால் பிசைந்து முடித்த கையோடு அந்த வலை இறுகிப்போய் இருக்கும். இழுத்த இழுப்புக்கு வராமல் திரும்பச் சுருங்கும். அது தளர்வதற்கு நேரம் ஒன்றுதான் மருந்து. மாவின் மேல் எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு உருண்டை பிடித்து, ஒவ்வொன்றின் மேலும் எண்ணெய் நன்றாகத் தடவி, மறுபடியும் ஒரு மணி நேரம்.

இந்த இரண்டாவது ஊறலைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மாவு ஏற்கெனவே ஊறிவிட்டதே, இன்னும் எதற்கு என்று தோன்றும். உருண்டை பிடிக்கும்போது மாவை உள்ளே மடித்து, அழுத்தி, மேல்பக்கத்தை இழுத்துக் கட்டுகிறோம். அந்த இழுப்பில் தளர்ந்திருந்த வலை மறுபடி இறுகிவிடுகிறது. அதனால் முதல் ஒரு மணி நேரத்தின் பயன் பாதிக்கு மேல் போய்விடும். அவசரமாக இருந்தால் முதல் ஊறலை அரை மணியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவதைக் குறைக்க வேண்டாம். அதே காரணத்தால், ஊறிய உருண்டையை விரிக்க எடுக்கும்போது இன்னொரு தடவை உள்ளங்கையில் உருட்டி வடிவம் சரிசெய்யவும் கூடாது. எடுத்தபடியே விரிக்கும் மேடையில் வைத்து அழுத்த வேண்டும்.

ஊறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள விரலால் அழுத்தினால் போதும். குழி உடனே மேலெழும்பி வந்தால் இன்னும் இருபது நிமிடம் பொறுங்கள். குழி அப்படியே நின்றால், அல்லது மிக மெதுவாக நிரம்பினால், விரிக்கலாம். உருண்டையின் மேல்தோல் காய்ந்திருக்கக் கூடாது. காய்ந்த தோல் விரிக்கும்போது வெடித்துக் கிழியும். முட்டையோ பாலோ சேர்த்த மாவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காமல் குளிர்பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். அதை வெளியே எடுத்ததும் விரித்தால் கிழியும், குளிர் விடும்வரை காத்திருக்க வேண்டும்.

அடுத்தது எண்ணெய். ஊறலுக்கு அடுத்தபடி இங்கேதான் கை சுருங்கிவிடுகிறது. பரோட்டா என்பது ஒரே தாளைப் பல தடவை தன் மேலேயே மடித்துச் சுருட்டியது. ஈரமான மாவு ஈரமான மாவைத் தொட்டால் ஒட்டி ஒன்றாகிவிடும். நடுவில் எண்ணெய்ப் படலம் இருந்தால் மட்டும்தான் அவை தனித்தனியாக நிற்கும். விரித்த தாளில் எண்ணெய் படாத ஓரங்குல இடம் இருந்தாலும் அந்த இடத்தில் அடுக்கு இருக்காது. அதனால் ஒரு தாளுக்கு ஒரு டீஸ்பூன் என்று வைத்துக்கொண்டு, அதை ஊற்றிவிட்டுப் போகாமல் கையால் ஓரம் வரைக்கும் தடவுங்கள். விரிக்கும் மேடைக்கும் கைக்கும் தனியாக எண்ணெய் வேண்டும். எண்ணெய் குறைவாகச் சாப்பிட வேண்டும் என்பவர்கள் சுடும்போது குறைத்துக்கொள்ளலாம், தாளில் குறைத்தால் பரோட்டாவே அமையாது. அதற்காகக் குளம்போலத் தேக்கினாலும் வேலைக்காகாது. மடிப்பு வழுக்கி, சுருள் நிற்காமல் அவிழ்ந்துவிடும். பல கடைகளில் எண்ணெயோடு டால்டா கலந்து தடவுகிறார்கள். அது சற்றுக் கெட்டியாக இருப்பதால் மடிக்கும்போது வழிந்து ஓடாமல் தாளிலேயே தங்குகிறது. வீட்டில் கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ இருந்தாலே நன்றாக வரும்.

விரிப்பதற்குக் கடை மாஸ்டர் மாதிரி வீசத் தெரிய வேண்டியதில்லை. சமையல் மேடையின் கிரானைட்டில் எண்ணெய் தடவி, உருண்டையை உள்ளங்கையால் தட்டையாக்குங்கள். விரல் நுனியை அடியில் விட்டு, சுற்றிச் சுற்றி ஓரத்தை வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டே போனால் ஒரு பெரிய தட்டைவிட அகலமாக விரியும். அடியில் உள்ள கிரானைட்டின் புள்ளிகள் தெரிகிறதா என்று பாருங்கள், அதுதான் அளவு. இடையிடையே கிழிந்தால் கவலை வேண்டாம், சுருட்டும்போது அது மறைந்துவிடும். கவனிக்க வேண்டியது ஓரம். நடு கண்ணாடி மாதிரி இருக்க, ஓரத்தில் மட்டும் ஒரு கயிறு போலத் தடிப்பு நின்றுவிடும். அந்தத் தடிப்பு சுருளுக்குள் போனால் எவ்வளவு சுட்டாலும் வேகாத கட்டியாகவே இருக்கும். இரண்டு விரலால் பிடித்து அதை மட்டும் இழுத்து மெலிதாக்கிவிட்டு மடியுங்கள்.

மடிப்பு புடவைக் கொசுவம் வைப்பது போலத்தான். ஒரு ஓரத்திலிருந்து விரல் அகலத்துக்கு முன்னும் பின்னுமாக மடித்துக்கொண்டே போய் நீளமான ஒரு பட்டையாக்கி, இரு முனையையும் பிடித்து லேசாக இழுத்து, வட்டமாகச் சுற்றி, கடைசி நுனியை அடியில் செருக வேண்டும். பாயைச் சுருட்டுவதுபோல் தாளை மொத்தமாக உருட்டிவிடுபவர்கள் உண்டு. அதில் காற்றுக்கு இடமில்லை, அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று அமுங்கிக் கிடக்கும். சுற்றும்போதும் இறுக்கிச் சுற்றக் கூடாது. இறுகிய சுருளின் நடுப்பகுதிதான் பிய்க்கும்போது வெள்ளைக் கட்டியாகத் தெரிவது.

சுருட்டியதைப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிட்டுத்தான் தட்ட வேண்டும். உடனே தட்டினால் சுருங்கும், சுருங்கினால் கோபத்தில் பூரிக்கட்டையை எடுப்போம். பூரிக்கட்டை அத்தனை நேரம் செய்த அடுக்கையும் நசுக்கி ஒன்றாக்கிவிடும். எண்ணெய் தொட்ட உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளியே மெதுவாக அழுத்தி, ஐந்தாறு அங்குல வட்டத்தோடு நிறுத்திவிடுங்கள். மதுரைப் பக்கத்து பன் பரோட்டா அப்படி உப்பலாக இருப்பதற்கு, இன்னும் கனமாகவே தட்டி விடுவதும் ஒரு காரணம்.

கல்லின் சூடு நடுத்தரத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும். தணலைக் குறைத்து நெடுநேரம் சுட்டால் உள்ளே இருக்கும் ஈரம் மெதுவாக வெளியேறி, அப்பளம்போல் காய்ந்துவிடும். அடிக்கும்போது பிரிவதற்குப் பதில் நொறுங்கும். அதிகச் சூட்டில் மேல் கருகி உள்ளே பச்சை மாவாக நிற்கும். போட்டதும் இரு பக்கமும் நிறம் வெளுத்துக் கட்டியான பிறகு எண்ணெய் விட்டு, திருப்பித் திருப்பி மூன்று நான்கு நிமிடத்தில் பொன்னிறப் புள்ளிகள் வந்தால் எடுத்துவிடலாம். விருதுநகர் பொரிச்ச பரோட்டாவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது எண்ணெயில் மூழ்கி மொறுமொறுப்பாக வேண்டியது.

இனி அடிப்பது. கல்லிலிருந்து எடுத்த அந்த நிமிடத்தில் ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவே ஆவி அடைபட்டிருக்கும். பக்கவாட்டில் அடித்தால் மடிப்புகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, ஆவி அந்த இடைவெளி வழியே வெளியே வரும். ஆறிவிட்டால் ஆவி தண்ணீராகி மாவிலேயே இறங்கி அடுக்குகளை ஒட்டவைத்துவிடும். பிறகு எவ்வளவு அடித்தும் பயனில்லை. எல்லாவற்றையும் சுட்டு முடித்துவிட்டுக் கடைசியில் சேர்த்து அடிக்கலாம் என்று வைப்பது இதனால்தான் தவறாகிறது. இரண்டு மூன்று சேர்ந்ததும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, இரு உள்ளங்கையையும் எதிரெதிர் ஓரத்தில் வைத்து நடுவை நோக்கித் தட்டுங்கள், கொஞ்சம் திருப்பி மறுபடி தட்டுங்கள், ஒரு சுற்று வரும்வரை. மேலிருந்து கீழாக அறைந்தால் அடுக்கு அமுங்கும், பிரியாது. கைச் சூடு தாங்காதவர்கள் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, துணியோடு சேர்த்து ஓரங்களை உள்நோக்கித் தள்ளலாம். ஒரே ஒரு பரோட்டா என்றாலும் இதே முறைதான்.

அடிக்கும்போது பச்சை மாவு விரலில் இழுத்தால் நடு வேகவில்லை. திரும்பக் கல்லில் போட்டு அரை நிமிடம் வைத்து எடுங்கள். நன்றாகப் பிரிந்ததை உடனே ஹாட் பாக்ஸில் மூட வேண்டாம், மூடியில் வேர்க்கும் தண்ணீர் சொட்டி மேல் அடுக்கு நைந்துபோகும். துணி விரித்த தட்டில் ஐந்து நிமிடம் திறந்து வைத்துவிட்டு, அதே துணியால் தளர்வாக மூடி வைத்தால் சால்னா கொதித்து இறங்கும்வரை மிருதுவாகவே இருக்கும்.