பேனர், ஸ்டோரி, சதுரப் பதிவு: விளம்பரப் படத்துக்கு விகிதம் தேர்ந்தெடுக்கும் முறை

செயற்கை நுண்ணறிவுக் கருவியில் விளம்பரப் படம் உருவாக்கத் தொடங்கும் பலரும், நன்றாக வந்த ஒரு சதுரப் படத்தையே ஸ்டோரிக்கும் பேனருக்கும் வெட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். 1024 × 1024 பிக்சல் படத்திலிருந்து 9:16 ஸ்டோரியை வெட்டினால் அகலத்தில் 576 பிக்சல்தான் மிஞ்சும். நல்லெண்ணெய் பாட்டிலுக்கு இருபுறமும் அழகாக அமைந்த எள் கிண்ணமும் மரச்செக்கும் வெட்டில் போய்விட்டன. அதனால் விகிதத்தை முதலிலேயே முடிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் படம் உருவாக்குவதே நல்லது. அந்த நல்லெண்ணெய் பாட்டிலையே இங்கே எடுத்துக்கொள்வோம்.

படி 1: இறுதி அளவை எழுதிக்கொள்ளுங்கள்

இன்ஸ்டாகிராம் ஸ்டோரிக்கு 1080 × 1920, சதுரப் பதிவுக்கு 1080 × 1080, கூகுள் விளம்பரங்களின் கிடைமட்டப் படத்துக்கு 1200 × 628 என்பவை வழக்கமான அளவுகள். இந்த எண்களை அப்படியே கருவியில் கொடுத்துவிடக் கூடாது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் எக்ஸ்எல் போன்ற படம் உருவாக்கும் மாதிரி, மொத்தப் பரப்பு ஏறத்தாழ 1024 × 1024 அளவுக்குச் சமமாக இருக்கும் படங்களில் பயிற்சி பெற்றது. 1080 × 1920 என்பது அதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு பரப்பு என்பதால், மாதிரி மிஞ்சும் இடத்தை நிரப்ப ஒரு பாட்டிலின் மேல் இன்னொரு பாட்டிலை முளைக்க வைக்கும், அல்லது மேசை விளிம்பை இரண்டு முறை வரையும். மூடிகளை எண்ணிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். ஆகவே அந்த மாதிரிக்கு இந்த அளவுகளைக் கொடுங்கள்:

```
ஸ்டோரி:      768 x 1344
சதுரம்:       1024 x 1024
கிடைமட்டம்:  1344 x 768
```

மிட்ஜர்னியில் பிக்சல் கொடுக்க வேண்டியதில்லை. விவரிப்பின் இறுதியில் `--ar 9:16` என்று விகிதத்தைச் சேர்த்தால் போதும். அங்கே முழு எண்களே செல்லும் என்பதால் கிடைமட்டப் படத்தின் 1.91:1 விகிதத்தை `--ar 191:100` என்று எழுத வேண்டும்.

படி 2: ஸ்டோரி

கவனம் அதிகம் தேவைப்படுவது இங்கேதான். 768 × 1344 என்பது 9:16-ஐவிடச் சற்றே அகலமானது. இருபுறமும் 6 பிக்சல் வெட்டினால் 756 × 1344 ஆகிவிடும், அதை 1080 × 1920-க்குப் பெரிதாக்கலாம். அந்த 12 பிக்சலுக்காக வெட்டுவானேன் என்று படத்தை இழுத்துச் சரிசெய்யும் பழக்கம் வேண்டாம். இங்கே கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மற்ற அளவுகளில் வட்டமான கிண்ணம் முட்டை வடிவமாகிவிடும்.

அடுத்தது, ஸ்டோரித் திரையின் மேற்பகுதியில் கணக்கின் பெயரும் கீழ்ப்பகுதியில் பொத்தானும் வந்து அமரும். இறுதி அளவில் மேலே சுமார் 250, கீழே சுமார் 340 பிக்சல் காலியாக இருக்க வேண்டும். நாம் உருவாக்கும் படத்தில் அது மேலே 175, கீழே 238 பிக்சலாகிறது. மாதிரிக்குப் பிக்சல் கணக்குப் புரியாது. 'பின்னால் வெறும் சுவர், முன்னால் வெறும் மரமேசை, பாட்டில் தொலைவில் நடுவே' என்று காட்சியாகச் சொன்னால்தான் அந்த இடம் கிடைக்கும். நான்கைந்து படங்கள் உருவாக்கி, அந்த அளவுகளில் இரண்டு பட்டைகளைப் படத்தின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் வைத்துப் பாருங்கள். பாட்டிலின் மூடி மறைந்தால் அந்தப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிடலாம்.

படி 3: சதுரம்

இதில் சிக்கல் குறைவு. பாட்டிலை நடுவில் வைத்து, விலையோ பெயரோ எழுத ஒரு மூலையை மட்டும் காலியாகக் கேளுங்கள்.

படி 4: பேனர்

1344 × 768 படத்தின் உயரத்தில் 64 அல்லது 65 பிக்சலை வெட்டிச் சிறிதாக்கினால் 1200 × 628 கிடைத்துவிடும். பாட்டிலை ஒரு பக்கம் ஒதுக்கச் சொன்னால் மறுபக்கம் வாசகத்துக்கு இடம் விடும்.

இணையதளங்களின் தலைப்பில் வரும் 728 × 90 பட்டை வேறு கதை. அதன் விகிதம் ஏறத்தாழ எட்டுக்கு ஒன்று. அந்த வடிவில் நேரடியாகப் படம் கேட்டால் பொருள்கள் மீண்டும் மீண்டும் வரும். 1536 × 640 அளவில் உருவாக்கினாலும் பட்டைக்குக் கிடைப்பது 190 பிக்சல் உயரம்தான், அதற்குள் நிற்கும் பாட்டில் அடங்காது. எனவே பாட்டிலே இல்லாமல் எள் பரப்பிய மரமேசையை மட்டும் உருவாக்கி, அதிலிருந்து பட்டையை வெட்டுங்கள். பிறகு உண்மையான பாட்டிலைப் புகைப்படம் எடுத்து, பின்னணியை நீக்கி, இடது ஓரத்தில் பொருத்துங்கள். கருவி வரையும் லேபிளில் தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் சிதைந்தே வருவதால், மற்ற மூன்று அளவுகளிலும் வெற்று லேபிளோடு பாட்டிலைக் கேட்டு, உண்மையான லேபிளைப் பின்னர் ஒட்டுவதே என் வழக்கம்.