மேல்தொட்டியில் இரவோடு இரவாகக் குறைந்த தண்ணீர்

காரைக்குடியில் நான் பராமரிக்கும் பழைய வீட்டில், யாரும் தங்காத நாட்களிலும் மேல்தொட்டி விடிவதற்குள் ஒரு சாண் குறைந்தது. மூன்று நாட்கள் குழாய்களையும் கழிப்பறைத் தொட்டிகளையும் சோதித்தும் எங்கும் ஈரமில்லை.

நான்காம் இரவு, வீட்டுக்கு இறங்கும் வால்வை அடைத்து, தொட்டியின் உட்சுவரில் நீர்மட்டத்தைக் குறித்து வைத்தேன். காலையில் மேல்மட்டம் இறங்கியிருந்தது; கீழ்த்தொட்டியிலோ தண்ணீர் ஏறியிருந்தது. மோட்டாரிலிருந்து வரும் குழாய் மேல்தொட்டியின் அடியில் இணைக்கப்பட்டிருந்ததால், தண்ணீர் அதே வழியாகத் திரும்பியிருக்கிறது. கீழ்த்தொட்டிக்குள் உறிஞ்சுகுழாயின் அடியில், தண்ணீர் திரும்பாமல் தடுப்பது ஃபுட் வால்வு; அது கசிந்தால் மோட்டார் தண்ணீர் பிடிக்காது என்பதே வழக்கமான அறிகுறி. இங்கே மேல்தொட்டித் தண்ணீர் மோட்டாரை எப்போதும் நிறைத்து வைத்ததால் அது தெரியவே இல்லை.

ஃபுட் வால்வைக் கழற்றியபோது, மடலுக்கடியில் மிளகளவு காரைத் துணுக்கு சிக்கியிருந்தது. எடுத்துக் கழுவி மாட்டிய பின் நீர்மட்டம் குறியிலிருந்து இறங்கவில்லை; நிம்மதியாயிற்று.

இந்த இரவுக் குறியை மாதச் சோதனைப் பட்டியலின் முதல் வரியாக்கினேன். அடுத்த வரி, பூட்டிக் கிடக்கும் குளியலறைகளின் தரை டிராப்பில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுவது. டிராப்பில் தேங்கி நிற்கும் நீர் வற்றினால் சாக்கடை நாற்றம் உள்ளே ஏறிவிடும்.