எச்.பி 13 வேண்டாம், 11 போதும்: ஈ.பி.ஓ ஊசி போடுபவர்களின் வீட்டாருக்கு

வெள்ளவத்தையில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயலிசிஸ். நானும் கொழும்பில் ஒரு டயலிசிஸ் பிரிவில்தான் தாதியாக வேலை செய்கிறேன். அப்படியிருந்தும் எங்கள் வீட்டிலேயே, இரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டப் போடும் ஈ.பி.ஓ ஊசி கூடிப் போனது. அது எப்படி நடந்தது என்பதையும், அப்படி நடக்காமல் இருக்க ரிப்போர்ட்டையும் ஊசிக் கணக்கையும் எப்படிப் பார்ப்பது என்பதையும் எழுதுகிறேன். ஊசியின் அளவைத் தீர்மானிப்பது வைத்தியர்தான். அவர் ஏன் அப்படித் தீர்மானிக்கிறார் என்று வீட்டில் ஒருவருக்காவது புரிந்திருக்க வேண்டும், அதற்காகத்தான் இது.

படி 1: ரிப்போர்ட்டில் இருக்கும் ‘எல்’ எழுத்தை ஒரு பக்கம் வையுங்கள்

லேப் ரிப்போர்ட்டில் எச்.பி, அதாவது ஹீமோகுளோபினுக்குப் பக்கத்தில் ஒரு வீச்சு அச்சிட்டிருப்பார்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் 12 முதல் 15 வரை. அதற்குக் கீழே இருந்தால் குறைவு என்பதைக் காட்ட ஆங்கில ‘எல்’ எழுத்து விழும். பிழை அங்கேதான் தொடங்குகிறது. அந்த வீச்சு சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறவர்களுக்கு உரியது.

எரித்ரோபொய்ட்டின் என்பது சிறுநீரகமே சுரக்கும் ஒரு ஹோர்மோன். குருதியில் ஒட்சிசன் குறைந்தால் சிறுநீரகம் அதைக் கூடுதலாகச் சுரந்து, சிவப்பணுக்களை உண்டாக்கும்படி எலும்பு மச்சைக்குச் சொல்லும். நாட்பட்ட சிறுநீரக நோயில் அந்தச் சுரப்பு குறைவதால் எச்.பி இறங்குகிறது. அதே ஹோர்மோனை வெளியிலிருந்து கொடுப்பதுதான் ஈ.பி.ஓ ஊசி.

சரி, எவ்வளவுக்கு ஏற்ற வேண்டும்? கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக அமைப்பின் 2012 வழிகாட்டியின்படி, டயலிசிஸ் செய்கிறவர்களுக்கு எச்.பி 9-க்குக் கீழே போகாதபடி, 9-க்கும் 10-க்கும் இடையில் இருக்கும்போது ஊசியைத் தொடங்கலாம். ஊசி போட்டு 11.5-க்கு மேலே வைத்திருப்பது பொதுவாக வேண்டாம். 13-க்கு மேலே ஏற்றவே கூடாது என்று அது அழுத்தமாகவே சொல்கிறது. ஆகவே ரிப்போர்ட்டில் 10.8 என்று வந்து பக்கத்தில் ‘எல்’ இருந்தால், ஊசி போடும் ஒருவருக்கு அது நல்ல ரிப்போர்ட். பேனையை எடுத்து அச்சிட்ட வீச்சை வெட்டிவிட்டு, “10 – 11.5” என்று எழுதி வையுங்கள். உங்கள் வைத்தியர் வேறு எல்லை சொல்லியிருந்தால் அதை எழுதுங்கள்.

இரத்தம் எடுக்கும் நேரத்தையும் பாருங்கள். டயலிசிஸ் முடிந்ததும் எடுத்தால், உடம்பிலிருந்து நீர் போயிருப்பதால் எச்.பி கூடுதலாகக் காட்டும். எப்போதும் டயலிசிஸ் தொடங்குவதற்கு முன் எடுத்த அளவை அதே மாதிரி எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள்.

படி 2: ஊசிக்கு முன் இரும்பு

ஹோர்மோன் உத்தரவு கொடுக்கலாம், ஆனால் மச்சையில் இரும்பு இல்லாவிட்டால் சிவப்பணுவை எதைக் கொண்டு செய்வது? ஃபெரிட்டின், டி-சாட் என்ற இரண்டு பரிசோதனைகளின் முடிவையும் கேட்டு வாங்குங்கள். முதலாவது சேமிப்பில் இருக்கும் இரும்பைக் காட்டும், இரண்டாவது புழக்கத்தில் இருப்பதை. ஊசி வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போகிற பல இடங்களில் உண்மையான குறை இரும்பில்தான் இருக்கும். உள்ளே கிருமித் தொற்றோ இரத்தக் கசிவோ இருந்தாலும் ஊசி பலிக்காது.

படி 3: வாரக் கணக்கைப் போடுங்கள்

ஒரு ஊசியில் எத்தனை யூனிட் என்பது பெட்டியிலேயே இருக்கும். 2000, 4000 யூனிட் ஊசிகள்தான் நான் அதிகம் பார்ப்பவை. அதை வாரத்தில் போடும் தடவைகளால் பெருக்கிக் கொப்பியில் எழுதுங்கள். பெரியம்மாவுக்கு 60 கிலோ. வாரத்துக்கு இரண்டு முறை 4000, மொத்தம் 8000 யூனிட். இந்த ஒற்றை எண்ணை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் பேச முடியும்.

படி 4: எண்ணைவிட வேகத்தைப் பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. எச்.பி ஒரு மாதத்தில் 1 முதல் 2 வரை ஏறினால் நல்ல வேகம். இரண்டு வாரத்துக்குள் 1-க்கு மேல் ஏறினால் வேகம் கூடிவிட்டது. அப்போது ஊசியின் அளவை ஏறத்தாழ கால் பங்கு குறைப்பது வழக்கம். எச்.பி இன்னும் 11-ஐத் தொடவில்லையே என்று காத்திருக்கக் கூடாது.

பெரியம்மாவின் கொப்பியில் இருந்ததை அப்படியே தருகிறேன். தொடக்கத்தில் 8.3. இரண்டாம் வாரம் 8.9, நாலாம் வாரம் 9.5. ஒரு மாதத்தில் 1.2 ஏறியிருக்கிறது, இதைவிட நல்ல ஏற்றம் கேட்க முடியாது. ஆனால் ‘எல்’ போகவில்லை. பெரியம்மாவுக்குப் படியேறினால் இன்னும் மூச்சு வாங்கியது. பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணா, பாமசியில் 4000 யூனிட் ஊசி வாங்கி, சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து ஊசி போடும் ஒருவரைக் கொண்டு போடுவித்திருக்கிறார். அதை யாருக்கும் சொல்லவில்லை. வாரக் கணக்கு 8000-லிருந்து 12000-க்குப் போய்விட்டது.

ஆறாம் வாரம் 10.4. எல்லோருக்கும் சந்தோஷம். எட்டாம் வாரம் 11.8. இரண்டு வாரத்தில் 1.4! வழக்கமாக 138/80 இருக்கும் பிரஷர் அன்று 172/96. இரண்டு நாளாகத் தலையிடி என்றார் பெரியம்மா. எங்கள் பிரிவில் அவர் கையிலிருக்கும் ஃபிஸ்டுலாவில், அதாவது டயலிசிஸுக்காக நாடியையும் நாளத்தையும் இணைத்த இடத்தில், விரல் வைத்துப் பார்த்தேன். பூனை உறுமுவது போல விரலுக்குக் கீழே ஓர் அதிர்வு இருக்க வேண்டும். இருந்தது, ஆனால் முன்பிருந்த அளவுக்கு இல்லை.

வைத்தியர் கொப்பியைப் பார்த்துவிட்டு, “8000 யூனிட்டுக்கு இந்த வேகம் வராதே, வேறு எங்கேயாவது ஊசி போடுகிறீர்களா?” என்று கேட்டார். அண்ணா அப்போதுதான் வாய் திறந்தார். “நான்தான் டொக்டர், அந்த எல் போகட்டும் எண்டு கூட்டினேன்.” அந்த வாரம் ஊசி நிறுத்தப்பட்டது, பிரஷர் குளிசை மாற்றப்பட்டது. அடுத்த வாரத்திலிருந்து 2000 யூனிட் மூன்று முறை, மொத்தம் 6000.

ஊசியைக் குறைத்த பிறகும் பத்தாம் வாரம் எச்.பி 12.3-க்குப் போனது. அண்ணா பயந்துவிட்டார். ஆனால் அது எதிர்பார்க்க வேண்டியதுதான். இன்று போடும் ஊசி இன்றைக்கு எச்.பி-யை ஏற்றுவதில்லை. மச்சை சிவப்பணுக்களை உருவாக்கி வெளியே அனுப்ப நாளெடுக்கும், முழுப் பலன் எச்.பி-யில் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். ஏற்கெனவே புறப்பட்ட பணுக்களைத் திருப்பி அனுப்பவும் முடியாது. அதனால்தான் வாராவாரம் எண்ணைப் பார்த்து ஊசியைக் கூட்டுவதும் குறைப்பதும் எச்.பி-யை ஊஞ்சல் ஆட்டிவிடும். பன்னிரண்டாம் வாரம் 11.6, பதினாலாம் வாரம் 10.9. அங்கேயே நின்றது.

இரத்தம் கூடினால் நல்லதுதானே?

அண்ணா கேட்ட கேள்வி இது. ஒரு காலத்தில் வைத்தியர்களும் அப்படித்தான் நினைத்தார்கள், அதனால்தான் அதை ஆராய்ந்து பார்த்தார்கள். 2006-ல் வெளிவந்த சோயர் என்ற ஆய்வில், இன்னும் டயலிசிஸ் தொடங்காத 1432 சிறுநீரக நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு 13.5-ஐயும் மறுபக்கத்துக்கு 11.3-ஐயும் இலக்காக வைத்தார்கள். மரணம், மாரடைப்பு, பக்கவாதம், இதயம் செயலிழந்து வைத்தியசாலையில் சேர்தல் என்ற நாலையும் சேர்த்து எண்ணியபோது உயர்ந்த இலக்குப் பக்கம் 125 பேர், மறுபக்கம் 97 பேர். உயர்ந்த இலக்கால் வாழ்க்கைத் தரமும் கூடுதலாக மேம்படவில்லை.

2009-ல் வந்த ட்ரீட் ஆய்வு இன்னும் பெரியது. இரண்டாம் வகை நீரிழிவோடு சிறுநீரக நோயும் உள்ள 4038 பேர். பாதிப் பேருக்கு இதே இனத்து மருந்தான டார்பெபொய்ட்டினைக் கொடுத்து 13-ஐ நோக்கி ஏற்றினார்கள். அவர்களில் 101 பேருக்குப் பக்கவாதம் வந்தது, மற்றப் பாதியில் 53 பேருக்கு. ஏறக்குறைய இரட்டிப்பு. நம் வீடுகளில் டயலிசிஸுக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு நீரிழிவு இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

ஏன் இப்படி? சிவப்பணு கூடினால் இரத்தம் தடிக்கும். தடித்த இரத்தத்தை ஒடுங்கிய குழாய்களுக்குள் தள்ள இதயம் பாடுபட வேண்டும், பிரஷர் ஏறும். டயலிசிஸில் நீரை எடுக்கும்போது அது இன்னும் தடிக்கும். ஃபிஸ்டுலாவில் கட்டி அடைபடும் ஆபத்தும் கூடும். இதைத் தவிர, அதிக அளவு மருந்துக்கே தனியாக ஒரு தீங்கு உண்டு என்ற சந்தேகமும் இருக்கிறது. ஆகவே அண்ணா செய்ததில் ஆபத்து இரண்டு வழியாலும் வந்தது.

பெரியம்மாவின் மூச்சிரைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எச்.பி 12.3 இருந்தபோதும் அது போகவில்லை. உடம்பில் தங்கியிருந்த நீரை டயலிசிஸில் இன்னும் ஒன்றரைக் கிலோ கூடுதலாக எடுத்த பிறகுதான் குறைந்தது.

படி 5: வீட்டில் செய்ய வேண்டியது

கொப்பியில் ஐந்து விஷயம் போதும்: திகதி, எச்.பி, வாரத்து யூனிட், காலைப் பிரஷர், ஃபிஸ்டுலா அதிர்வு இருக்கிறதா இல்லையா. கிளினிக்குக்கு அந்தக் கொப்பி போக வேண்டும், வேறு எங்கே ஊசி போட்டாலும் அதுவும் அதில் இருக்க வேண்டும். ஊசியை ஃப்ரிஜ்ஜில் 2 முதல் 8 பாகைக்குள் வையுங்கள். ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து உறைந்துபோன ஊசியைப் பாவிக்க வேண்டாம், குலுக்கவும் வேண்டாம்.

அதிர்வு காணாமல் போனால் அடுத்த டயலிசிஸ் நாள் வரை பொறுக்காமல் அன்றைக்கே உங்கள் பிரிவுக்குப் போங்கள். பிரஷர் திடீரென்று ஏறினாலும், தலையிடி விடாமல் இருந்தாலும், அடுத்த ஊசியைப் போடுவதற்கு முன் வைத்தியரிடம் கேளுங்கள். வாய் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல், வலிப்பு, நெஞ்சுவலி இவற்றில் ஒன்று வந்தாலும் காலி வீதியில் முச்சக்கர வண்டி தேடி நிற்காதீர்கள். 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்து, சிறுநீரக நோயாளி, ஈ.பி.ஓ ஊசி போடுகிறவர் என்று முதலிலேயே சொல்லுங்கள்.