எலெக்ட்ரிக் காரில் கூலண்டும் கியர் ஆயிலும்: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

எலெக்ட்ரிக் கார் வாங்கும்போது "ஆயில் மாத்துற வேலையே கிடையாது சார்" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். இன்ஜின் ஆயில் கிடையாது, உண்மைதான். ஆனால் பேட்டரியைக் குளிர்விக்கும் கூலண்ட் இருக்கிறது. மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் ரிடக்‌ஷன் கியருக்குள் ஆயிலும் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே மாதிரி நடத்தக்கூடாது. கூலண்டை மாதம் ஒருமுறை பாருங்கள், கை வைக்காதீர்கள். கியர் ஆயில் வெளியே தெரியாது, ஆனால் கொஞ்சம் கருவிப் பழக்கம் இருந்தால் வீட்டிலேயே மாற்றலாம்.

உதாரணத்துக்கு ஹூண்டாய் கோனா எலெக்ட்ரிக்கை எடுத்துக்கொள்கிறேன். 2019 ஜூலையில் இந்தியாவுக்கு வந்த 39.2 கிலோவாட் ஹவர் வண்டி. வாரன்டி முடியும் வயதில் பல வண்டிகள் இருப்பதால் இப்போது இந்தக் கேள்வி நிறைய வருகிறது. வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கு முறை ஒன்றுதான், அளவும் ஆயில் வகையும் மாறும்.

கூலண்ட்: பார்க்கும் முறை

காலையில், வண்டி முழுக்க ஆறியிருக்கும்போது, சமதளத்தில் பாருங்கள். சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். சார்ஜ் ஏறும்போது பம்பும் ஃபேனும் தானாக ஓட ஆரம்பிக்கும், அப்போது அளவு சரியாகத் தெரியாது. டேங்க் மூடியைத் திறக்க வேண்டாம், வெளியிலிருந்து டார்ச் அடித்தாலே மட்டம் தெரியும். சில வண்டிகளில் ஒரு டேங்க், சிலவற்றில் இரண்டு.

மட்டம் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருந்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். இன்று இருக்கும் மட்டத்தில் சின்னதாக ஒரு டேப் ஒட்டி, தேதி எழுதுங்கள். அடுத்த மாதம் அதே காலை நேரத்தில் பாருங்கள். இது மூடிய சுற்று, கூலண்ட் செலவாகும் வேலையே இல்லை. வெயில் காலத்துக்கும் மழைக் காலத்துக்கும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஏறி இறங்கும், அது பரவாயில்லை. மாதாமாதம் ஒரே பக்கமாக இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம், மட்டம் இன்னும் கீழ்க்கோட்டுக்கு மேலே இருந்தாலும் சரி.

கசிவு வெளியே இருந்தால் தடயம் கிடைக்கும். ஹோஸ் கிளாம்ப்பைச் சுற்றி, ரேடியேட்டர் ஓரத்தில், வெள்ளையாகவோ கூலண்ட் நிறத்திலோ உப்புப் பூத்த மாதிரி காய்ந்து படிந்திருக்கும். தரையிலும் இல்லை, ஹோஸிலும் இல்லை, மட்டம் மட்டும் குறைகிறது என்றால்தான் கவலைப்பட வேண்டும். பேட்டரி பெட்டிக்குள்ளேயே கசியலாம். அதோடு மின் அமைப்பைச் சரிபார்க்கச் சொல்லும் எச்சரிக்கையும் வந்தால், உயர் மின்னழுத்தப் பகுதிக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே உள்ள காப்பு குறைந்திருக்கலாம். அந்த நிலையில் சார்ஜ் போடாதீர்கள், வீட்டுக்குள்ளோ அடுக்குமாடி பேஸ்மென்ட்டிலோ நிறுத்தாதீர்கள். திறந்த வெளியில் நிறுத்திவிட்டு டோயிங் வண்டிக்குச் சொல்லுங்கள்.

"கொஞ்சம் ஊத்திவிடலாமா?"

பெரும்பாலானவர்கள் தவறு செய்யும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பல எலெக்ட்ரிக் கார்களில் இருப்பது மின்சாரத்தை மிகக் குறைவாகக் கடத்தும் தனி ரகக் கூலண்ட். பேட்டரிக்குள் கசிந்தாலும் செல்களுக்கு நடுவே மின்சாரம் பாயாமல் இருப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். கடையில் கிடைக்கும் சாதாரணக் கூலண்டில் துரு பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் உப்புகள் நிறைய, அதனால் அது நன்றாகவே மின்சாரம் கடத்தும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வண்டியில் இருக்கும் கூலண்டின் கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 50 மைக்ரோசீமன்ஸ் என்று வையுங்கள். சாதாரணக் கூலண்ட் 3,000. பத்து லிட்டர் சுற்றில் அரை லிட்டர் குறைந்துவிட்டது, அதைச் சாதாரணக் கூலண்டால் நிரப்புகிறீர்கள். ஒன்பதரை லிட்டர் பழையது, அரை லிட்டர் புதியது. கலவை சுமார் 200-க்குப் போய்விடும். இருபதில் ஒரு பங்கு ஊற்றியதற்கு நான்கு மடங்கு ஏற்றம். அதை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவர முழுச் சுற்றையும் வடித்து, கழுவி, மாற்றத்தான் வேண்டும்.

நிறத்தைப் பார்த்து வாங்கவே வாங்காதீர்கள். நிறம் வெறும் சாயம். ஒரே மாடலில்கூட தயாரித்த காலத்தைப் பொறுத்து கூலண்ட் ரகம் மாறலாம். பானட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் உரிமையாளர் கையேட்டையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து உதிரிபாகக் கவுன்டரில் கேளுங்கள்.

இந்தத் தனி ரகத்துக்கு மாற்றும் இடைவெளி பொதுவாகக் குறைவு. ரேடியேட்டர், பேட்டரியைக் குளிர்விக்கும் தட்டு போன்ற அலுமினியப் பாகங்களிலிருந்து அயனிகள் கரைந்து வந்து, நாளாக ஆக கடத்துதிறன் தானாகவே ஏறும். அதனால் "கூலண்ட் சுத்தமாத்தானே இருக்கு" என்று தள்ளிப்போடக் கூடாது.

மாற்றுவதை வீட்டில் செய்ய வேண்டாம். வடிப்பது சுலபம், திரும்ப நிரப்பும்போது பேட்டரியைக் குளிர்விக்கும் தட்டுகளில் காற்று மாட்டிக்கொள்ளும். வெற்றிடக் கருவி வைத்து நிரப்ப வேண்டும், அல்லது ஸ்கேனரில் மின் பம்பை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும். சர்வீஸ் முடிந்து வந்தபின் முன்பக்கத்தில் குளுகுளுவென்று தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டாலோ, இரண்டு நாளில் மட்டம் சட்டென்று இறங்கினாலோ காற்று சரியாகப் போகவில்லை. உடனே திருப்பி எடுத்துப் போங்கள்.

ரிடக்‌ஷன் கியர் ஆயில்

கோனாவில் ஒரே ஒரு கியர் விகிதம்தான், கிட்டத்தட்ட எட்டுக்கு ஒன்று. மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போது மோட்டார் நிமிடத்துக்கு 6,400 சுற்று அளவில் சுற்றும். இதற்குள் இருப்பது ஒரு லிட்டர் ஆயில் மட்டும். கியர் பல் வாரி இறைப்பதுதான் மசகு, ஃபில்டர் கிடையாது. புது கியர்கள் பழகும்போது உதிரும் உலோகப் பொடி எல்லாம் அதே ஆயிலில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் அட்டவணையில் 60,000 கிலோமீட்டரில் பார்வையிடு, கடுமையான பயன்பாட்டில் 1,20,000-இல் மாற்று என்று இருந்தாலும், முதல் ஆயிலை 30,000-க்குள் ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது என்பது என் கருத்து. அதன் பிறகு அட்டவணைப்படி போகலாம்.

தேவையானவை: 70டபிள்யூ, ஜிஎல்-4 தர கியர் ஆயில் ஒன்றரை லிட்டர், இரண்டு புது அலுமினிய வாஷர், டார்க் ரென்ச், நான்கு ஸ்டாண்ட், அளவுக் குடுவை, ஒன்றரை மீட்டர் டியூப், புனல்.

மெக்கானிக் "90 ஆயில் போட்டுடலாம்" என்பார். வேண்டாம். அது கெட்டியானது. இவ்வளவு வேகத்தில் சுற்றும் பேரிங்குக்குச் சரியாகப் போய்ச் சேராது, ரேஞ்சும் குறையும். வேறு எலெக்ட்ரிக் காருக்கு வாங்கிய ஆயிலும் வேண்டாம். டெஸ்லா மாடல் 3-இல் அதே ஆயில்தான் மோட்டாரையும் குளிர்விக்கிறது, பம்பும் ஃபில்டரும் உண்டு. கோனாவில் மோட்டாருக்குக் கூலண்ட் தனி, கியருக்கு ஆயில் தனி.

1. வண்டியை ஆஃப் செய்து, சார்ஜரைக் கழற்றி, சாவியைத் தள்ளி வையுங்கள். நான்கு பக்கமும் சமமாகத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் மட்டம் தப்பாகக் காட்டும். ஆரஞ்சு நிற வயர் பக்கம் கையே போகக் கூடாது.

2. அடித்தட்டைக் கழற்றியதும், பக்கவாட்டில் இருக்கும் நிரப்பும் பிளக்கை முதலில் திறங்கள். கீழே வடிக்கும் பிளக்கை முதலில் திறந்து ஆயிலை இறக்கிவிட்டு, பிறகு மேலுள்ளது துருப்பிடித்து அசையவே இல்லை என்றால் ஆயில் இல்லாத வண்டி ஸ்டாண்டில் நிற்கும். டோயிங்தான் வழி.

3. வடித்து, எவ்வளவு வந்தது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 1.0 முதல் 1.1 லிட்டர் வர வேண்டும். 800 மில்லிதான் வந்தது என்றால் புது ஆயில் ஊற்றுவதற்கு முன் சக்கர ஆக்ஸில் சீல் இரண்டையும் விரலால் தடவிப் பாருங்கள், ஈரம் அங்கேதான் இருக்கும்.

4. ஒரு சொட்டை இரு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். மை போலக் கறுப்பாக, வழுவழுவென்று இருந்தால் முதல் மாற்றத்தில் அது சாதாரணம். வெயிலில் மினுமினுக்கும் துணுக்கு, நகத்தில் நெருடும் சில்லு இருந்தால் பேரிங்கோ பல்லோ தேய்கிறது. மெதுவாக உருட்டும்போது டிக் டிக் சத்தமும் சேர்ந்தால் புகைப்படம் எடுத்து, ஆயிலில் ஒரு பாட்டில் எடுத்து வைத்து, வாரன்டி கேளுங்கள். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடான கியர் பெட்டி வெள்ளத்தில் முங்கி ஆறும்போது மூச்சுக்குழாய் வழியே தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். 2023 டிசம்பர் சென்னை வெள்ளம் போன்ற தண்ணீரில் நின்ற வண்டியென்றால் கிலோமீட்டர் பார்க்காமல் மாற்றுங்கள்.

5. வடி பிளக்கைப் புது வாஷரோடு போட்டு 45 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்குங்கள். கியர் பெட்டியின் உடல் அலுமினியம், கைப்பலத்தில் இறுக்கினால் மரை போய்விடும்.

6. பானட் பக்கமிருந்து டியூபை நிரப்பும் துளைக்கு இறக்கி, புனலில் ஊற்றுங்கள். பெரிய சிரிஞ்சு வைத்தும் செய்யலாம், எனக்குப் புனல்தான் பிடிக்கும், கை வழுக்காது. துளையின் கீழ் விளிம்பில் ஆயில் மெல்ல வழிய ஆரம்பித்ததும் நிறுத்தி, வழிவது நிற்கும் வரை பொறுத்து, மூடுங்கள். உள்ளே போன அளவும் வெளியே வந்த அளவும் பொருந்துகிறதா பாருங்கள்.

பிறகு சேர்த்தது

காந்தம் பதித்த வடி பிளக் பற்றிப் பலர் கேட்டார்கள். எம்18×1.5 மரை பொருந்தும், நல்லதுதான். ஆனால் உள்ளே அதிகம் நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது, பழைய பிளக்கோடு வைத்து அளந்து வாங்குங்கள். இன்னொன்று, அலுமினியப் பொடி காந்தத்தில் ஒட்டாது. காந்தம் சுத்தமாக இருக்கிறது என்று நம்பி விரலில் தேய்த்துப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

அடித்தட்டை மாட்டும் முன் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து இரண்டு பிளக்கையும் டிஷ்யூ காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். தட்டை மாட்டிவிட்டால் சொட்டும் ஆயில் அதிலேயே தேங்கிவிடும், தரையில் தெரிய வாரக்கணக்காகும்.