கிணத்துத் தண்ணி டெஸ்ட் பழக்கக்குள்ள வாற பிழைகள்

மட்டக்களப்புல ஊர்ப் பிள்ளையளுக்கு தண்ணி டெஸ்ட் பழக்கிறவங்க கிட் பெட்டிய திறந்து அரை மணித்தியாலத்துல செஞ்சு காட்டிட்டு போயிருவாங்க. சொட்டு விடுறதும் ஸ்ட்ரிப் முக்கிறதும் எல்லாருக்கும் அண்டைக்கே வந்திரும். பிழை வாறது சொட்ட எண்ணுறதுல, எண்ணினத எழுதுறதுல, எழுதினத அந்த வீட்டு அக்காக்கிட்ட சொல்றதுல. அதனால இங்க கல்சியமும் மக்னீசியமும் கரஞ்சு வாற கடினத்தன்மை டெஸ்டப் பத்தித்தான் கூட சொல்லப்போறன், தண்ணிட அமிலத்தன்மையக் காட்டுற பிஎச் பத்தி கொஞ்சம்.

நம்மட பிள்ளையள் கையில கூட இருக்கிறது சொட்டு எண்ணுற கிட். 5 மில்லி தண்ணி எடுத்து, பஃபர் விட்டு (அமோனியா மணம் அடிக்கும்), கலர் காட்டுற இண்டிகேட்டர் விட்டா தண்ணி வைன் சிவப்பாகும், பிறகு இடிடிஏ கரைசல ஒவ்வொரு சொட்டா விட்டு குலுக்கிக் குலுக்கி நீலமாகும் வரைக்கும் எண்ணணும். கிட்டுக்கு கிட்டு கொஞ்சம் மாறும், சிலதுல பஃபரும் கலரும் ஒரே போத்தல்ல வரும், கலரும் வேற மாதிரி இருக்கும், ஆனா வேலை ஒண்டுதான்.

முதல் பிழை 5 மில்லி கோட்டுல. கிணத்தடியில நிண்டுகொண்டு, மேல இருந்து குனிஞ்சு பார்த்து ஊத்துற பிள்ளை 6 மில்லி எடுத்திருக்கும், ஒரு மில்லிதானே எண்டு விட்டுருவாங்க. கணக்குப் பார்த்தா விளங்கும். உண்மையா 13 சொட்டுல நீலமாக வேண்டிய தண்ணி, 6 மில்லி எடுத்தா கிட்டத்தட்ட 16 சொட்டு கேக்கும். ஒரு சொட்டு ஒரு ஜெர்மன் டிகிரி, அதாவது கடினத்தன்மைட ஒரு அலகு, எண்ட கிட்டா இருந்தா ஒரு சொட்டு லீட்டருக்கு 17.8 மில்லிகிராம் கல்சியம் காபனேட் கணக்கு, அப்ப 13 சொட்டு எண்டா லீட்டருக்கு 231, 16 சொட்டு எண்டா 285. இலங்கைக் குடிதண்ணித் தரம் எஸ்எல்எஸ் 614ல எல்லை 250. அந்த ஒரு மில்லியாலயே கிணறு பாஸ்ல இருந்து பெயிலாப் போகுது. டியூப கண் மட்டத்துக்கு தூக்கி, தண்ணி வளைவுட அடிப்பக்கம் கோட்டுல முட்டுதா எண்டு பார்க்கப் பழக்கினா இந்தப் பிரச்சின வராது. அதுக்கு முன்னுக்கு அந்தக் கிணத்துத் தண்ணியாலயே டியூப ரெண்டு தரம் அலசணும், முந்தின வீட்டுத் தண்ணி உள்ளுக்கு நிண்டா ரெண்டு வீட்டையும் கலந்து டெஸ்ட் பண்ணின மாதிரித்தான்.

ரெண்டாவது, ஊதாவில நிப்பாட்டுறது. சிவப்பு நேரா நீலத்துக்கு போகாது, நடுவுல ஒரு ஊதாக் கலர் வரும், அவசரக்காரப் பிள்ளையள் அதக் கண்டவுடன "மாறிட்டு சேர்" எண்டுவாங்க. சிவப்புச் சாயல் துளிகூட இல்லாத நீலம் வரணும், ஊதா வந்த பிறகு ஒவ்வொரு சொட்டுக்கும் பிறகு குலுக்கி சில வினாடி பொறுக்கணும், டியூபுக்குப் பின்னால வெள்ளப் பேப்பர் ஒண்டு பிடிக்கணும். மஞ்சள் பல்புக்குக் கீழயும் சாயந்தர வெளிச்சத்துலயும் இந்தக் கலர் பார்க்கவே வேணாம். சொட்டுப் போத்தல சரிச்சுப் பிடிச்சா சொட்டுட அளவு மாறும், நேரா நிமித்திப் பிடிக்கணும்.

எவ்வளவு விட்டாலும் தெளிவா நீலம் வராட்டி பிள்ளையப் பேசாதீங்க. ஒண்டு, இண்டிகேட்டர் பழுதாப் போயிருக்கலாம், மோட்டார் சைக்கிள் சீட்டுக்கடியில வெயில்ல கிடந்த போத்தலுக்கு இது நடக்கும். மற்றது, நம்மட பக்கத்துல கன கிணறுகள்ல இரும்பு இருக்கு, வாளியிலயும் உடுப்பிலயும் பழுப்புக் கறை பிடிக்குமே அந்தத் தண்ணி, அந்த இரும்பு இண்டிகேட்டரப் பிடிச்சு வச்சுக்கொண்டு விடாது. எது எண்டு கண்டுபிடிக்க காய்ச்சி வடிச்ச தண்ணி 5 மில்லில அதே டெஸ்டச் செய்ங்க, முதல் சொட்டோடயோ அதுக்கு முதலேயோ நீலமாகினா கிட் நல்லா இருக்கு, பிரச்சின தண்ணியிலதான், அதுக்கு லேப்தான் வழி.

அடுத்தது அலகு, எனக்கு இதுதான் பெரிய பிழையாத் தெரியுது. கடற்கரைப் பக்கத்து மணல் கிணறு ஒண்டுல 22 சொட்டு வந்துதெண்டு வைங்க. ஒரு பிள்ளை கொப்பியில "22" எண்டு மட்டும் எழுதும், பிறகு வேற ஆள் வந்து அத லீட்டருக்கு 22 மில்லிகிராம் எண்டு வாசிச்சு "மெத்தெண்ட தண்ணி, பிரச்சின இல்ல" எண்டிரும். உண்மையில அது 22 பெருக்கல் 17.8, கிட்டத்தட்ட 392. எல்லையவிட நல்லாக் கூட. வேற கிட்ல ஒரு சொட்டு 10 ஓ 20 மில்லிகிராமாவும் இருக்கும், அதால பெட்டியில இருக்கிறத வாசிச்சு, கொப்பியில சொட்டு எத்தன, தண்ணி எத்தன மில்லி, ஒரு சொட்டுக்கு எவ்வளவு, கடைசியா மில்லிகிராம் எண்டு நாலையும் எழுத வைங்க. 22 மாதிரி கூடின எண்ணிக்கை வந்தா சரிபார்க்க லேசான வழி இருக்கு. 2.5 மில்லி கிணத்துத் தண்ணியோட 2.5 மில்லி காய்ச்சி வடிச்ச தண்ணி கலந்து செஞ்சா 11 சொட்டுல முடியணும், 11ஐ ரெண்டால பெருக்கினா அதே 22. குழாய்த் தண்ணி கலந்தா கணக்கு போச்சு, அதுலயும் கடினம் இருக்கே. 14 சொட்டுப் பக்கமா வந்தா பாஸ் பெயில் எண்டு சண்டை பிடிக்காதீங்க, இந்தக் கிட்டால ஒரு சொட்டுக்குள்ள 18 மில்லிகிராம் பிரிச்சுப் பார்க்க ஏலாது, "எல்லையில இருக்கு" எண்டு எழுதுங்க.

இனி பிஎச். இதுல கூட நடக்குற பிழை, காலையில போத்தல்ல அள்ளிக்கொண்டு வந்து பின்னேரம் வீட்டுல பார்க்கிறது. நிலத்தடித் தண்ணியில கரஞ்சு இருக்கிற கார்பன் டை ஆக்சைட் வெளிய போகப்போக பிஎச் ஏறும், கிணத்தடியில 6.4 காட்டின தண்ணி பின்னேரம் 7 தாண்டியும் காட்டலாம். அதால பிஎச் அங்கயே பார்க்கணும், ஏலாட்டி போத்தல காத்து நிக்காம விளிம்பு வரைக்கும் நிரப்பி கெதியாப் பார்க்கணும். தரத்துல பிஎச் 6.5 தொடக்கம் 8.5 வரைக்கும், ஆனா 6, 7, 8 எண்டு ஒவ்வொண்டாத் தாவுற ஸ்ட்ரிப்பால 6.5 பக்கத்துல ஒண்டும் சொல்ல ஏலாது. மீட்டர் எண்டா பிஎச் 7, பிஎச் 4 எண்டு தெரிஞ்ச பஃபர் கரைசல்கள்ல சரிபார்த்திட்டுத்தான் தொடங்கணும். வெள்ளத்துக்குப் பிறகு குளோரின் போட்ட கிணத்துல ஸ்ட்ரிப்பயும் கலர்ச் சொட்டயும் நம்பாதீங்க, குளோரின் கூடினா கலரையே வெளுக்கப் பண்ணிரும், குளோரின் மணம் போகட்டும், பிறகு பாருங்க.

கடைசியா, ரிசல்ட்ட வீட்டுல சொல்றது. அந்த 392 கிணத்து வீட்டுல "இது கல்லுத் தண்ணி, கிட்னி போயிரும்" எண்டு ஒரு வொலன்டியர் சொல்லிட்டா கதை ஊர் முழுக்கப் பரவிரும். தெஹியத்தகண்டியப் பக்கம் சிறுநீரக நோய் இருக்கிறது உண்மைதான், ஆனா கடினத் தண்ணிதான் அதுக்குக் காரணம் எண்டு நிரூபிச்சதில்ல. சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: சவுக்காரம் நுரைக்காது, கேத்தல்ல வெள்ளையாப் படியும், ருசி பிடிக்காது. கொதிக்க வச்சா ஒரு பங்கு கடினம் கேத்தல்ல படிஞ்சு குறையும், மிச்சம் அப்படியே இருக்கும்.

சவர்த் தண்ணிக்கும் கடினத் தண்ணிக்கும் வித்தியாசத்தயும் சொல்லிக் குடுங்க, வாவிக்கரைப் பக்கம் ரெண்டும் சேர்ந்தே வரும், ஆனா சொட்டு எண்ணுற கிட் உப்ப அளக்காது. அதே மாதிரி பிஎச்சும் கடினமும் ரெண்டும் நல்லா வந்த கிணறு குடிக்க நல்லது எண்டும் சொல்லக் கூடாது. மலசலகூடக் குழி பக்கத்துல இருக்கிற கிணத்துல கிருமியும் நைட்ரேட்டும் இருந்தாலும் இந்த ரெண்டு டெஸ்டும் வாயே திறக்காது, அதுக்கு பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கிட்ட சொல்லி லேப்புக்கு அனுப்ப வேணும். கொப்பியில "நல்ல தண்ணி" எண்டு ஒரு பிள்ளையும் எழுதாம, எண்ணையும் அலகையும் மட்டும் எழுத விடுங்க.