ரேஷன் கடைக் கணக்கைக் கேட்டு ஆர்டிஐ மனு: எங்கே சறுக்குகிறது?

"எங்கள் கடையில் மூன்று மாதமாகத் துவரம் பருப்பு ஒழுங்காகத் தருவதில்லை. ஏன் தருவதில்லை? எங்கள் பருப்பு எங்கே போகிறது? சம்பந்தப்பட்டவர்கள் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?"

நான் எழுதிய முதல் ஆர்டிஐ மனு இதுதான். இருபத்தெட்டாவது நாள் பதில் வந்தது. விளக்கம் கேட்பதும் கருத்துக் கேட்பதும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் தகவல் ஆகாது என்று இரண்டே வரி. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் சட்டப்படி அந்தப் பதிலில் பிழையில்லை, என் மனுவில்தான் பிழை. அதன் பிறகு தெருவிலும் பக்கத்து ஊர்களிலும் பலருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெரும்பாலான மனுக்கள் அதே இடத்தில்தான் விழுகின்றன.

2005-ம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம், அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைப் பார்க்கவும் நகல் வாங்கவும்தான் உரிமை தருகிறது. இல்லாத ஒன்றைப் புதிதாக எழுதித் தரவோ, காரணம் சொல்லவோ, மனுவுக்குப் பதில் தரும் பொதுத் தகவல் அலுவலரைக் கட்டாயப்படுத்த முடியாது. உச்ச நீதிமன்றமும் 2011-ல் சிபிஎஸ்இ வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் 'ஏன்' என்று தொடங்கும் கேள்வியை மனுவில் வைக்காதீர்கள். அந்தக் கேள்விக்கான பதில் எந்தப் பதிவேட்டில் இருக்கிறதோ, அந்தப் பதிவேட்டின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

அதற்குச் சரக்கு வரும் வழி தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கடைக்கும் மாதாமாதம் பொருள்வாரியாக ஒதுக்கீடு போடுகிறார்கள். நுகர்பொருள் வாணிபக் கழகக் கிடங்கிலிருந்து லாரியில் கடைக்குச் சரக்கு வருவதை 'நகர்வு' என்பார்கள். கடைக்கு வந்ததும் இருப்புப் பதிவேட்டில் வரவு ஏறுகிறது. கார்டுக்குப் பொருள் கொடுக்கும்போது விற்பனை முனையக் கருவியில் பில் விழுகிறது. மாதக் கடைசியில் மிச்சம் இருப்பது இறுதி இருப்பு. ஒதுக்கீடு, நகர்வு, வரவு, விற்பனை, இறுதி இருப்பு என்ற இந்த ஐந்தும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொருந்தாத இடத்தில்தான் உங்கள் 'ஏன்' ஒளிந்திருக்கிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். கடையில் 640 கார்டு, கார்டுக்கு ஒரு கிலோ வீதம் பருப்பு ஒதுக்கீடு 640 கிலோ. 6-ம் தேதி 400 கிலோ, 24-ம் தேதி 240 கிலோ என இரண்டு நடையாகக் கடைக்கு வந்திருக்கிறது. 25-ம் தேதியிலிருந்து போனவர்களுக்கெல்லாம் "ஸ்டாக் வரல" என்று பதில். மாத மொத்தக் கணக்கை மட்டும் வாங்கினால் வரவு 640, விற்பனை 640, இருப்பு பூஜ்யம் என்று எல்லாம் சரியாகவே தெரியும். மனு போட்டவர் தோற்றுப்போனது போல இருக்கும். அதே மாதத்துக்கு நாள்வாரி விற்பனை அறிக்கையை நேரத்துடன் வாங்கிப் பார்த்தால், 29-ம் தேதி மாலை ஒரு மணி நேரத்துக்குள் 240 பில் விழுந்திருப்பது தெரியவரும். ஒரு விற்பனையாளர் ஒரு மணி நேரத்தில் 240 பேருக்குக் கைரேகை வைத்து, எடை போட்டுக் கொடுக்க முடியுமா? இப்போது உங்கள் கையில் இருப்பது புகார் மட்டுமில்லை, ஆதாரமும் இருக்கிறது. ஆகவே மாத மொத்தத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

மனுவின் நடுப்பகுதியை நான் இப்போது இப்படித்தான் எழுதுகிறேன்:

"____ வட்டம், கடை எண் ____ நியாய விலைக் கடை தொடர்பாக, 01.09.2025 முதல் 30.09.2025 வரையிலான காலத்துக்குத் துவரம் பருப்பு குறித்த கீழ்க்கண்ட ஆவணங்களின் சான்றிட்ட நகல்களை வழங்க வேண்டுகிறேன். (1) கடைக்கான மாத ஒதுக்கீட்டு ஆணை. (2) கிடங்கிலிருந்து கடைக்கு நகர்வு செய்யப்பட்ட நாளும் அளவும் காட்டும் ஆவணம். (3) இருப்புப் பதிவேட்டின் உரிய பக்கங்கள். (4) விற்பனை முனையக் கருவியில் பதிவான நாள்வாரி விற்பனை அறிக்கை, பில் எண், நேரம், அளவு ஆகியவற்றுடன், அட்டைதாரர் பெயரும் அட்டை எண்ணும் நீக்கப்பட்டு, கணினி அச்சு நகலாக. (5) இக்காலத்தில் அலுவலர்கள் கடையை ஆய்வு செய்த குறிப்புகள்."

இதில் ஒரு இடத்தில்கூடக் குற்றச்சாட்டு இல்லை என்பதைக் கவனியுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை என்று பிரிவு 6(2) சொல்கிறது. விற்பனையாளர் மேல் உள்ள வருத்தத்தை மனுவில் கொட்டினால் அது புகார் மனுவாகப் போய், வேறு கோப்பில் சேர்ந்துவிடும். புகாரைத் தனியாக எழுதுங்கள், அதுவும் நகல் கையில் வந்த பிறகு.

காலத்தையும் பொருளையும் சுருக்குங்கள். "கடந்த ஐந்து ஆண்டுகளுக்கான அனைத்துப் பதிவேடுகளும்" என்று ஒருவர் கேட்டிருந்தார். அலுவலகத்தின் வளத்தை அளவுக்கு மீறி உறிஞ்சும் என்று பிரிவு 7(9)-ஐக் காட்டி, நேரில் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டார்கள். உண்மையில் அந்தப் பிரிவு தகவலைத் தரும் வடிவத்தைப் பற்றித்தான் பேசுகிறது, மறுப்பதற்கு அதில் இடமில்லை. ஆனாலும் வழக்காடி வெல்வதற்குள் ஒரு வருடம் போய்விடும். ஒரு பொருள், இரண்டு மாதம் போதும். அதில் ஓட்டை தெரிந்தால் அடுத்த மனு போடலாம்.

அடுத்த சறுக்கல், மனுவை யாருக்கு அனுப்புவது என்பதில். பெரும்பாலான ரேஷன் கடைகளை நடத்துவது கூட்டுறவுச் சங்கங்கள். அதனால் நிறையப் பேர் மனுவைச் சங்கச் செயலாளருக்கே அனுப்பிவிடுகிறார்கள். கூட்டுறவுச் சங்கம் என்பதாலேயே அது இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட பொது அதிகார அமைப்பு ஆகிவிடாது என்று 2013-ல் தளப்பாலம் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைக் காட்டியே மனு திரும்பி வரும். மனுவைப் பொதுத் தகவல் அலுவலர், வட்ட வழங்கல் அலுவலகம் என்று முகவரியிட்டு அனுப்புங்கள். கடையைக் கண்காணிப்பதும் ஆய்வு செய்வதும் அவர்கள் வேலை. கடையின் பதிவேட்டை வேறு சட்டத்தின்படி வாங்கிப் பார்க்கும் அதிகாரம் அரசு அலுவலகத்துக்கு இருந்தால், அந்தத் தகவலும் பிரிவு 2(எஃப்)-ன் வரையறைக்குள் வந்துவிடும். "பதிவேடு கடையில் இருக்கிறது, எங்களிடம் இல்லை" என்ற பதிலுக்கு இதுதான் மறுமொழி. வேறு அரசு அலுவலகத்திடம் இருக்கும் ஆவணம் என்றால், பிரிவு 6(3)-ன்படி ஐந்து நாளுக்குள் மனுவை அங்கே மாற்றி அனுப்பிவிட்டு உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். அந்த அலுவலகத்துக்கு நீங்கள் வேறு மனு போடத் தேவையில்லை.

இன்னொன்று இப்போது முன்னைவிட முக்கியமாகிவிட்டது. யார் யார் எத்தனை கிலோ வாங்கினார்கள் என்று பெயரோடு பட்டியல் கேட்காதீர்கள். 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் பிரிவு 8(1)(ஜே) திருத்தப்பட்டு, தனிநபர் தகவல் என்றாலே மறுக்க வழி அகலமாகிவிட்டது. பொதுநலன் பெரிதாக இருந்தால் கொடுக்கலாம் என்ற பிரிவு 8(2) இன்னும் இருக்கிறது. ஆனால் நமக்கு அந்தப் பெயர்கள் தேவையே இல்லை, நேரமும் அளவும் போதும். அதனால்தான் மேலே உள்ள மனுவில் பெயரையும் அட்டை எண்ணையும் நானே நீக்கச் சொல்லியிருக்கிறேன். மறுக்க வேண்டிய பகுதியை நீக்கிவிட்டு மீதியைத் தரப் பிரிவு 10 வழி செய்கிறது. உங்கள் சொந்தக் கார்டின் விவரம் வேண்டுமானால் அட்டை எண் கொடுத்துத் தனியாகக் கேளுங்கள். நீங்கள் வாங்காத பருப்புக்கு உங்கள் கார்டில் பில் விழுந்திருந்தால், அந்த ஒரு வரியே பெரிய சாட்சி.

மனுவின் கடைசியில் ஒரு வாக்கியம் சேர்ப்பது என் வழக்கம். 2013-ம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 27, பொது விநியோகத் திட்டப் பதிவேடுகளை மக்கள் பார்வைக்குத் திறந்து வைக்க வேண்டும் என்கிறது. அதைக் குறிப்பிட்டால், "இது வெளியில் தர முடியாத ஆவணம்" என்று சொல்வது அலுவலருக்குக் கடினமாகிவிடும்.

பணம் பற்றிச் சுருக்கமாக. மனுக் கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டுவதுதான் எளிது. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்குக் கட்டணமில்லை, ஆனால் சான்று இணைக்க வேண்டும். சங்கத்தின் பெயரிலோ மன்றத்தின் பெயரிலோ எழுதாமல் உங்கள் சொந்தப் பெயரில் எழுதுங்கள், சட்டம் உரிமை கொடுத்திருப்பது குடிமக்களுக்கு.

கடைசித் தவறு நாள் கணக்கில் நடக்கிறது, நல்ல மனுக்கள்கூட இதில் வீணாகின்றன. பதில் தர 30 நாள். நடுவில் "இத்தனை பக்கம், இவ்வளவு ரூபாய் கட்டுங்கள்" என்று கடிதம் வந்தால், கடிதம் அனுப்பிய நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள் வரை அந்த 30-ல் சேராது. ஆகவே அந்தக் கடிதத்தை ஓரமாக வைத்தால் கடிகாரம் உங்களால் நின்றுபோகும். 30 நாள் கடந்தும் எதுவும் வரவில்லை என்றால், அதற்குப் பிறகு தரும் நகலுக்குக் காசு கேட்கக் கூடாது, பிரிவு 7(6). பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட வேண்டும். பலர் இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று காத்திருந்து இந்த 30 நாளையும் விட்டுவிடுகிறார்கள்.

மனுவை ஸ்பீட் போஸ்ட்டில், பதிவு வசதியோடும் சேர்ப்புச் சான்றோடும் அனுப்புங்கள். அந்தச் சான்று கையில் வந்ததும், மனு அலுவலகத்தில் சேர்ந்த தேதியை உங்கள் நகலின் மேல் எழுதி, முப்பதாவது நாள் எது என்று கணக்கிட்டு, அதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். மேல்முறையீட்டில் முதலில் கேட்கப்படுவது இந்த இரண்டு தேதிகள்தான்.