‘மலை’யை ‘மைல’ என்று படிக்கும் குழந்தைக்கு: எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுத்தர ஒரு செய்முறை

என் மகளுக்கு ஐந்தரை வயதில் க, கா, கி, கீ வரிசை முழுவதும் தலைகீழ்ப் பாடம். சுவரில் மாட்டிய அட்டையில் எந்த வரிசையைத் தொட்டாலும் கடகடவென்று சொல்வாள். ஒருநாள் அட்டையில் ‘கே’ தவிர மற்றதையெல்லாம் காகிதத்தால் மூடிவிட்டு ‘இது என்ன?’ என்றேன். க, கா, கி, கீ என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்து ‘கே’யில் நின்றாள். எழுத்தை அவள் பார்க்கவே இல்லை, அது இருக்கும் இடத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அன்றே அட்டையைக் கழற்றிவிட்டேன். அடுத்த சில மாதங்களில் எங்களுக்குப் பலன் கொடுத்த முறைதான் இது. உயிரெழுத்து பன்னிரண்டும் குழந்தைக்கு அடையாளம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். தெரியாவிட்டால் முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

முதலில் ஒரு முடிவு: குறுக்கே வேண்டாம், நெடுக்கே

நாம் படித்தபோது ஒரு மெய்யெழுத்தை எடுத்து, அதன் பன்னிரண்டு உயிர்மெய் வடிவத்தையும் குறுக்கே ஒப்பித்தோம். அப்படிச் செய்தால் குழந்தை ஒரே நாளில் பத்துக்கு மேற்பட்ட குறியீடுகளைப் பார்க்கிறது, எதுவும் மனதில் தங்குவதில்லை. நான் ஒரு குறியீட்டை மட்டும் எடுத்து, தெரிந்த எழுத்துகள் எல்லாவற்றுக்கும் போட்டேன். இந்த வாரம் கால் என்றால் பா, மா, டா, கா, லா, ரா, வா. கால் வந்தால் ஒலி நீளும் என்ற ஒரே செய்தியை ஏழு முறை பார்க்கும்போது அது பிடிபட்டுவிடுகிறது.

படி 1: ஏழு எழுத்தும் ஒரு புள்ளியும்

ப, ம, ட, க, ல, ர, வ. தொடங்க இந்த ஏழு போதும். இவற்றோடு புள்ளியைச் சேர்த்தால் படம், மரம், கடல், கல், பல், மலர், பகல், வட்டம், கப்பல் என்று முழுச் சொற்களே கிடைக்கும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். மெய்யை இக், இல், இம் என்று பெயர் சொல்லிப் பழக்கியிருந்தால் குழந்தை ‘கல்’ என்பதை ‘க-இல்’ என்று கூட்டி, ‘கயில்’ என்று முடிக்கும். அதனால் பெயரைச் சொல்லாமல் ஒலியை மட்டும் சொல்லுங்கள். ம், ல் இரண்டையும் மூச்சு உள்ளவரை இழுக்கலாம் என்பதால் அவற்றிலிருந்து தொடங்குவது நல்லது. ‘கல்ல்ல்’ என்று இழுத்து நிறுத்தினால் இடையில் ‘இ’ நுழைய இடமே இல்லை. க், ட், ப் ஆகியவற்றை இழுக்க முடியாது. அவற்றைத் தனியாகக் காட்டாமல் பக்கம், பட்டம், கப்பல் போன்ற சொற்களுக்குள்ளேயே காட்டினேன். ‘பட்’ என்று வாய் அடைபட்டு நின்று, ‘டம்’ என்று திறப்பதைக் குழந்தை தானாகவே உணரும்.

படி 2: காலும் விலங்கும்

கல்–கால், பல்–பால், படம்–பாடம், வரம்–வாரம். இந்தச் சோடிகளைத் தனித்தனி அட்டைகளில் எழுதித் தரையில் பரப்புங்கள். குறில் வந்தால் ஒரு தாவல், நெடில் வந்தால் இரண்டு. மெய்க்குத் தாவல் கிடையாது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்ற இலக்கணம்தான் இது, காலால் செய்கிறோம் அவ்வளவே. படித்துவிட்டுத் தாவுவதைவிட, தாவிக்கொண்டே படிப்பதில்தான் நீளம் மனதில் ஏறுகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். சில எழுத்துருக்களில் காலும் ‘ர’வும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். ‘ர’வின் அடியில் வரும் சாய்ந்த வால் ஒன்றுதான் வேறுபாடு. என் கையெழுத்தில் அதுவும் இல்லை. ‘பால்’ என்று எழுதிக் காட்டியதை மகள் ‘பரல்’ என்று படித்தாள். அது என் பிழை, அவள் பிழை இல்லை. அன்றிலிருந்து அட்டைகளைக் கையால் எழுதுவதில்லை. வால் தெளிவாகத் தெரியும் எழுத்துருவில், ஒரு சொல் உள்ளங்கை அகலம் வரும்படி அச்சிட்டுக்கொள்கிறேன்.

அடுத்து இகரமும் ஈகாரமும். படி, மடி, பிடி, வலி. இவற்றின் குறியான விலங்கு எழுத்தோடு ஒட்டியே வருவதால் பெரிதாகத் தொல்லை தராது. கூடவே த, ச, ன, ள ஆகியவற்றையும் மெல்லச் சேர்த்துவிடுங்கள்.

படி 3: கொம்பு (நாங்கள் மூன்று வாரம் நின்ற இடம்)

ஒற்றைக் கொம்பைக் காட்டினேன். செடி, பெட்டி, வெயில், எல்லாம் சரியாக வந்தன. இரட்டைக் கொம்பும் வந்தது. இணைக்கொம்பையும் கை, பை, மை என்று காட்டினேன், சரியாகவே படித்தாள். சரி, முடிந்தது என்று நினைத்து மறுநாள் ‘மலை’யை நீட்டினேன். ‘மைல’ என்றாள். ‘வலை’ ‘வைல’ ஆனது. ‘தவளை’யை ‘தவைள’ என்று படித்துவிட்டு, அப்படி ஒரு சொல்லே இல்லையே என்று என்னைப் பார்த்தாள்.

கவனக்குறைவு என்று நினைத்து இரண்டு நாள் திருப்பித் திருப்பிச் சொல்லவைத்தேன். ஒன்றும் மாறவில்லை. பிறகு பிழைகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது. சொல்லின் முதலில் கொம்பு வந்தால் அவள் தவறுவதே இல்லை. நடுவிலோ கடைசியிலோ வந்தால் மட்டும்தான் தவறுகிறாள், அதுவும் எப்போதும் ஒரே மாதிரி. அதுவரை அவள் படித்த கால், விலங்கு, புள்ளி எல்லாமே எழுத்துக்குப் பின்னாலோ மேலேயோ வருபவை. அதனால் ‘குறியீடு தனக்கு முந்தைய எழுத்துக்குச் சொந்தம்’ என்று தானாகவே ஒரு விதியை உண்டாக்கி வைத்திருந்தாள். சொல்லின் முதலில் கொம்புக்கு முன் எழுத்தே இல்லை, எனவே அங்கே விதி மாட்டிக்கொள்ளவில்லை.

ஒற்றைக் கொம்பு தமிழ்ச் சொற்களில் பெரும்பாலும் முதலெழுத்தில்தான் வரும். செடி, பெட்டி என்று எத்தனை சொல் கொடுத்தாலும் இந்தப் பிழை வெளியே தெரியாது. இணைக்கொம்பு அப்படியில்லை: இலை, கதை, கடை, தவளை என்று சொல்லின் கடைசியில் வந்து நிற்கும். போதாததற்கு ‘மரத்தை’, ‘படத்தை’ என்று இரண்டாம் வேற்றுமை உருபாகவும் வரும். ஆகவே குழந்தைக்குக் கொம்பு தெரிந்துவிட்டதா என்று பார்க்க ‘செடி’யைக் காட்டாதீர்கள், ‘வலை’யைக் காட்டுங்கள்.

இதைச் சரிசெய்தது ஒரு விளையாட்டு. நாங்கள் வைத்த பெயர் கொம்பு வேட்டை. பழைய செய்தித்தாளில் பெரிய எழுத்துத் தலைப்புகள் உள்ள பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படிக்க வேண்டியதில்லை. கொம்பைக் கண்டால் வட்டம் போட்டு, அதிலிருந்து வலப்பக்கத்து எழுத்துக்கு ஓர் அம்பு வரைய வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாளைக்குப் பத்து அம்பு. நான்கு நாள் வெறும் அம்பு மட்டும் போட்டோம். ஐந்தாம் நாள் அட்டைகளுக்கு வந்தோம். கொம்பின் மேல் விரல் வைத்தால் வாய் திறக்கக் கூடாது, விரல் அடுத்த எழுத்துக்கு நகர்ந்த பிறகே ஒலி வர வேண்டும். ‘மலை’யில் ‘ம’ சொன்னாள், விரல் கொம்பில் வந்து நின்றது, வாய் மூடியே இருந்தது, விரல் ‘ல’வுக்கு நகர்ந்தது, ‘லை’. அந்த ஒரு கணம் நிற்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. பத்து நாளில் விரல் தேவைப்படவில்லை.

எழுத்துகளை வெட்டி ஒட்டும் விளையாட்டு வைத்திருப்பவர்கள் கொம்பைத் தனித் துண்டாக வெட்டாதீர்கள். கணினியில் அச்சிடும்போதும் இதே கதைதான். தனிக் கொம்பைத் தட்டினால் பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் வந்து நிற்கும், குழந்தை அதையும் எழுத்து என்றே நினைக்கும். ‘லை’, ‘கெ’ என்று முழு எழுத்தாகவே தட்டுங்கள். இன்னொன்று, தட்டும்போது முதலில் ‘ல’வையும் பிறகு கொம்பையும் தட்டுகிறோம். கையால் எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது. ஆகவே இந்தக் கட்டத்தில் குழந்தையைத் தட்டச்சு செய்யவிட வேண்டாம், சிலேட்டு போதும்.

படி 4: ஜன்னல் அட்டை

கொடி, பொடி, கோபம், தோல். இவற்றில் குறியீடு இரண்டு பக்கமும் இருக்கிறது. கொம்புக்கு அம்பு போட்டுப் பழகிய குழந்தை ‘கொடி’யை ‘கெ-ர-டி’ என்று படிக்கும். காரணம் மேலே சொன்ன அதே கால்–‘ர’ குழப்பம்.

ஒரு தடித்த அட்டையின் நடுவில் சதுரமாக ஜன்னல் வெட்டுங்கள். இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் கால் வரையுங்கள். ஒரு நீளத் துண்டுத் தாளில் க, ப, ம, த, ச என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஜன்னலுக்குப் பின்னால் மேலும் கீழும் இழுங்கள். கொ, பொ, மொ, தொ, சொ. சட்டம் மாறாமல் நடு எழுத்து மட்டும் மாறும்போது, இரண்டும் சேர்ந்து ஒரே குறி என்பது தெரிந்துவிடும். இரட்டைக் கொம்புக்கு இன்னோர் அட்டை. ஔகாரத்தை இப்போது தொடாதீர்கள். அதன் வலப்பக்கக் குறி ‘ள’ போலவே இருக்கும், அது வரும் சொற்களும் குறைவு.

படி 5: உகரம், ஊகாரம்

இதைக் கடைசிக்குத் தள்ளியது வேண்டுமென்றேதான். இங்கே எல்லா எழுத்துக்கும் பொதுவான ஒரே குறி இல்லை. உகரத்தை மூன்று கூட்டமாகப் பிரித்தேன். கீழே நேர்கோடு இறங்கும் சு, பு, யு, வு. சுழித்து வளையும் கு, டு, மு, ரு, ழு, ளு. வலப்பக்கம் வால் நீளும் து, நு, லு, ணு, று, னு. வாரத்துக்கு ஒரு கூட்டம். ஊகாரத்துக்கு அதன் பிறகு வாருங்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்

மொத்தம் 12 நிமிடம். நேற்றைய அட்டைகளில் ஐந்தைக் கலைத்துப் போட்டுப் படிக்க 3 நிமிடம். புதிய எழுத்துக்கோ புதிய குறிக்கோ 3. விளையாட்டுக்கு 4. தெரிந்த எழுத்துகள் மட்டுமே உள்ள ஒரு வரியைப் படிக்க 2. அந்த வரியை நானே எழுதி அச்சிட்டேன்: ‘மலை மேலே மரம்.’ தொட்டால் ஒலி சொல்லும் செயலிகளை ஒதுக்கிவிட்டேன். அவற்றில் குழந்தை தொட்டுக் கேட்கிறது, படிப்பதில்லை.

பின்சேர்க்கை

கொம்பு வேட்டையை ஒரு வாரம் ஆடியபின் தன் மகன் ‘பாடம்’ என்பதை ‘ப-டா-ம்’ என்று படிக்கத் தொடங்கிவிட்டதாக ஒரு வாசகி எழுதியிருந்தார். காலையும் அவன் அடுத்த எழுத்துக்குத் தள்ளியிருக்கிறான். கொம்புச் சொற்களை மட்டுமே தொடர்ந்து கொடுத்தால் இப்படி ஆகும். அம்பு போடும் நாள்களிலும் ஐந்து அட்டையில் இரண்டு கால் சொற்களாக இருக்கட்டும். வேட்டையில் கொம்புக்குச் சிவப்பு அம்பு வலப்பக்கம், காலுக்கு நீல அம்பு இடப்பக்கம் என்று இரண்டு நிறம் வைக்கச் சொன்னேன். நான்கு நாளில் சரியாகிவிட்டதாகப் பதில் வந்தது.